7,653 மண்டலங்களின் வாயு

ஐதரசன் அணுவில் ஒரு புரோத்தனும் ஒரு இலத்திரனும் இருப்பது பிள்ளைகளுக்கும் தெரியும். இரண்டினதும் சுழற்சி ஒரே திசையில் இருந்தால் அணுவின் சக்தி ஒரு துளி கூட. எதிரெதிராக இருந்தால் குறைவு. இலத்திரன் புரளும்போது அந்தத் துளிச் சக்தி 21 சென்ரிமீற்றர் ரேடியோ அலையாக வெளியேறும். தனியே கிடக்கும் ஓர் அணு இப்படிப் புரளச் சராசரியாக ஒரு கோடி வருடமாகும். ஆனால் விண்வெளியில் குளிர்ந்த ஐதரசன் ஏராளம்.

1944இல் ஒல்லாந்தைச் சேர்ந்த வான் டி ஹல்ஸ்ட் இந்த அலையை எதிர்பார்க்கலாம் என்றார். 1951இல் ஹாவர்டில் இவெனும் பர்செலும், ஜன்னலுக்கு வெளியே வைத்த ஒரு கூம்பு அன்டெனாவால் அதைப் பிடித்தார்கள். அது நமது பால்வீதியின் வாயு.

தூரத்து மண்டலங்களின் கதை வேறு. பிரபஞ்சம் விரிவதால், சுமார் 800 கோடி வருடங்களுக்கு முன் புறப்பட்ட அலை இன்று 42 சென்ரிமீற்றராக நீண்டு வருகிறது. ஒரு மண்டலத்தின் அலை இரைச்சலில் அமிழ்ந்துவிடும்.

இந்தியாவில் புனேக்கு அருகே, 45 மீற்றர் அகலமான 30 தட்டுகள் கொண்ட ரேடியோ தொலைகாட்டி இருக்கிறது. அதைக்கொண்டு ஆதித்ய சௌத்ரி, நிஸிம் கனேகர், ஜெயராம் செங்கலூர் குழுவினர் 2020இல் ஒரு வழி கண்டார்கள். தூரம் ஏற்கனவே தெரிந்த 7,653 மண்டலங்களை எடுத்து, ஒவ்வொன்றின் அலையும் எந்த நீளத்தில் வரவேண்டும் எனக் கணக்கிட்டு, எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சராசரி எடுத்தார்கள். ஏறி இறங்கும் இரைச்சல் தேய்ந்தது, அலை மிஞ்சியது.

அன்று நட்சத்திரங்கள் பிறந்த வேகத்துக்கு அந்த வாயு 100 முதல் 200 கோடி வருடங்களுக்கே காணும் என்று தெரிந்தது. பின்னர் நட்சத்திரப் பிறப்பு குறைந்ததற்கு வாயுப் பற்றாக்குறையே காரணமாகலாம். ஆனால் இது சராசரிக் கணக்கு. எந்த மண்டலத்தில் எவ்வளவு வாயு இருந்தது என்று இதனால் சொல்ல முடியாது.