விற்ற லாரி வாசலிலேயே நிற்கிறது: ஒரு கணக்கு விதி பிறந்த கதை

ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலை. பதனிட்ட தோலைச் சென்னைத் துறைமுகத்துக்கு ஏற்றிச் செல்ல அதற்குச் சொந்தமாக ஒரு லாரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தேய்மானம் கழித்தபின் ஏட்டில் அதன் மதிப்பு 10 லட்சம், சந்தை விலை 14 லட்சம். முதலாளிக்குக் கைப்பணம் தேவைப்படுகிறது. லாரியை ஒரு லீசிங் கம்பெனிக்கு 14 லட்சத்துக்கு விற்று, அன்றே வாடகைக்குத் திரும்ப எடுத்துக்கொள்கிறார். மறுநாள் காலை அதே லாரியில் அதே டிரைவர் லோடு ஏற்றுகிறார். ஏட்டுக்கும் விலைக்கும் நடுவே உள்ள 4 லட்சம் லாபமா?

இந்தக் கேள்வி பழையது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் லாசரஸ் என்ற பெரிய கடை, தன் கட்டடத்தை ஒரு வங்கியின் பேரில் எழுதிக்கொடுத்து, 99 ஆண்டுக் குத்தகைக்குத் திரும்ப எடுத்தது. தேய்மானத்தைக் கழிக்கும் உரிமை யாருக்கு என்ற வழக்கு 1939இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. பத்திரம் வங்கியின் பேரில் இருந்தாலும், நடந்தது கட்டடத்தை ஈடுவைத்து வாங்கிய கடனே என்றது நீதிமன்றம். பத்திரத்தில் எழுதியிருப்பதைவிட நடந்தது என்ன என்பதே முக்கியம் என்ற அந்தப் பார்வைதான் லாப விதிக்கும் அடிப்படை.

நம் நாட்டில் லீசிங் தொழில் 1973இல் சென்னையில் தொடங்கிய ஒரு கம்பெனியோடு வேர்விட்டது. விற்றுத் திரும்ப எடுக்கும் வழக்கமும் வளர்ந்தது. வரியில் தேய்மானம் பெரும்பாலும் கழிந்துவிட்ட பொருளைக் கூடுதல் விலைக்கு விற்றால், வாங்கியவர் அந்த விலைக்கு முதலிலிருந்து தேய்மானம் கேட்கலாம். ஒரே பொருளுக்கு இரண்டு தடவை வரிச் சலுகை. 1996 அக்டோபர் 1 முதல் வருமான வரிச் சட்டம் இதை அடைத்தது. ஆம்பூர் லாரியின் வரி மதிப்பு 6 லட்சமாகக் குறைந்திருந்தால், 14 லட்சம் கொடுத்து வாங்கிய லீசிங் கம்பெனிக்கும் தேய்மானம் 6 லட்சத்துக்குத்தான்.

கணக்கேட்டுக்கான விதி 2001 ஏப்ரலில் வந்தது. பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் 19ஆம் கணக்குத் தரம், குத்தகையை இரண்டாகப் பிரித்தது. லாரியின் ஆயுளில் பெரும்பகுதிக்கும் வாடகை ஓடி, தேய்வும் நஷ்டமும் முதலாளி தலையிலேயே விழுந்தால் அது நிதிக் குத்தகை. அப்போது 4 லட்சத்தை உடனே லாபத்தில் சேர்க்கக் கூடாது. நான்கு ஆண்டுக் குத்தகையில் தேய்மானமும் சமமாக எழுதப்பட்டால், ஆண்டுக்கு ஒரு லட்சமாகத்தான் லாபத்துக்கு வரும். இரண்டு ஆண்டு ஓட்டிவிட்டுத் திருப்பிக் கொடுக்கும் சாதாரண வாடகை என்றால், விலை சந்தை விலையாகவே இருப்பதால் 4 லட்சமும் அன்றே லாபம். அதே வாடகையில் விலையை 16 லட்சமாக ஏற்றிப் போட்டிருந்தால் மட்டும், கூடுதலான 2 லட்சத்தை லாரியை ஓட்டப்போகும் காலத்துக்குப் பரப்ப வேண்டும். ஏற்றிய விலை வாடகையாகத் திரும்பிப் போகும் பணம் என்பதே காரணம்.

பட்டியலிட்ட கம்பெனிகளும் 250 கோடிக்குக் குறையாத நிகர மதிப்புள்ளவையும் 2019 ஏப்ரல் முதல் பின்பற்றும் இந்திய கணக்குத் தரம் 116 இன்னும் நுட்பமாகப் பார்க்கிறது. வரப்போகும் வாடகைகளின் இன்றைய மதிப்பு 7 லட்சம் என்றால், லாரியின் 14 லட்ச மதிப்பில் பாதி முதலாளியிடமே தங்கிவிட்டது. விற்றது மறுபாதிதான். ஆகவே லாபமும் பாதி, 2 லட்சம். ஓட்டும் உரிமை 5 லட்சத்துக்குச் சொத்தாகவும், வாடகைப் பொறுப்பு 7 லட்சத்துக்குக் கடனாகவும் ஏட்டில் ஏறும். மீதி 2 லட்சம் தனி வரவாக வராது. உரிமையின் மதிப்பைக் குறைத்து, வரும் ஆண்டுகளின் தேய்மானத்தைக் குறைக்கும்.

சறுக்கல் நேர்வது ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில். வாடகை முடிந்ததும் பெயரளவுத் தொகைக்கு லாரியைத் திரும்ப வாங்கலாம் என்ற ஒரு வரி அங்கே இருந்தால், தரம் 116இன்படி அது விற்பனையே இல்லை. லாரி 10 லட்சத்துக்கு ஏட்டில் அப்படியே நிற்கும், வந்த 14 லட்சம் முழுதும் கடன், லாபம் ஒரு ரூபாயும் கிடையாது.

எனவே, லாரியை விற்றுத் திரும்ப எடுக்கப்போகிறவர்கள் விலையைப் பார்ப்பதற்கு முன் அந்தக் கடைசிப் பக்கத்தை ஆடிட்டரிடம் காட்டிவிடுங்கள். லாரி உண்மையில் எவ்வளவு கைமாறியதோ, லாபமும் அவ்வளவுதான்.