முக்கால் ஸ்லைடு, கால் முகம்: இணையவழி விரிவுரைக் காணொளியில் திரைப் பங்கீடு

இணையவழி வகுப்புக்கான காணொளியில் ஸ்லைடும் விரிவுரையாளரும் ஒரே திரையில் இருக்க வேண்டுமென்றால், வழக்கமாகக் கையாளப்படும் முறைகள் இரண்டு: திரையைச் சரிபாதியாக வகுப்பது, அல்லது ஸ்லைடைத் திரை முழுக்க விரித்து அதன் மூலையில் முகத்தைச் சிறு கட்டமாக ஒட்டுவது. முன்னது ஸ்லைடைச் சுருக்குகிறது. பின்னது அதன் ஒரு மூலையை மறைக்கிறது. ஸ்லைடை 4:3 வடிவில் தயாரித்து, 1920×1080 பிக்சல் சட்டகத்தில் 1440×1080 பரப்பை அதற்குக் கொடுத்து, எஞ்சும் 480 பிக்சல் அகலப் பத்தியில் விரிவுரையாளரை வைப்பதே தமிழில் எழுதப்பட்ட பாடத்துக்குப் பொருந்தும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

வாதத்தின் அடிப்படை புள்ளியில் இருக்கிறது. ‘க’ என்பதும் ‘க்’ என்பதும் வேறுபடுவது தலைமேல் உள்ள ஒரு புள்ளியால் மட்டுமே. 16:9 ஸ்லைடு ஒன்றில் அந்தப் புள்ளி 6 பிக்சல் அகலம் கொண்டது என்று கொள்வோம். திரையைச் சரிபாதியாக வகுத்தால் ஸ்லைடு 960×540 ஆகச் சுருங்கி, மொத்தப் பரப்பில் கால் பங்கே பெறும். புள்ளி 3 பிக்சலாகும். மாணவர் கைபேசியில், தரவைச் சேமிக்க 360 வரித் தரத்தில் பார்க்கிறார் என்றால் அது மேலும் மூன்றில் ஒன்றாகி ஒரே பிக்சலில் வந்து நிற்கும். காணொளிச் சுருக்கம் அந்த ஒற்றைப் பிக்சலைப் பின்னணியோடு கரைத்துவிடும். அதே அளவு எழுத்தை 1440×1080 ஸ்லைடிலேயே அமைத்தால் 360 வரியிலும் புள்ளிக்கு 2 பிக்சல் கிடைக்கும். தாராளமில்லை, ஆனால் மெய்யா உயிர்மெய்யா என்று பிரித்தறிய அது பெரும்பாலும் போதும்.

அப்படியானால் முகத்தையே நீக்கிவிடலாமே என்று கேட்கலாம். இந்த மறுப்புக்கு வலு உண்டு. கிசில்செக்கும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட கண்ணசைவு ஆய்வில், முகம் தெரிந்த காணொளியைப் பார்த்தவர்கள் ஏறத்தாழ 41 விழுக்காடு நேரம் முகத்தையே பார்த்தார்கள். ஆயினும் பாடத்தை நினைவுகூர்வதில் முகமில்லாக் காணொளியைவிடக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணப்படவில்லை. மறுபுறம், அவர்கள் முகமுள்ள காணொளியையே விரும்பினார்கள். அதே ஆண்டு குவோ, கிம், ரூபின் ஆகியோர் எடெக்ஸ் பாடங்களை ஆராய்ந்தபோது, ஸ்லைடு மட்டும் ஓடும் காணொளியைவிட இடையிடையே முகம் வரும் காணொளியில் மாணவர்கள் கூடுதல் நேரம் நின்றது தெரிந்தது. ஆக, முகம் பாடத்தைக் கற்பிப்பதில்லை, மாணவரை இருக்கையில் இருத்துகிறது. அந்த வேலைக்குக் கால் பங்கு திரை மிகையாகவே போதும். முதல் ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: பார்வை ஏறத்தாழ 3.7 நொடிக்கு ஒருமுறை முகத்துக்கும் ஸ்லைடுக்கும் இடையே தாவியது. இவ்வளவு அடிக்கடி தாவும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், இடம் மாறாமல் இருப்பது நல்லது என்பது என் அனுமானம்.

இரண்டையும் பக்கவாட்டில் ஒட்டுவதற்கு ffmpeg போதும். கீழுள்ள கட்டளையில் ஸ்லைடுகள் ஏற்கெனவே உரிய நேரத்தில் மாறும் காணொளியாக உள்ளன. விரிவுரையாளர் 1920×1080 பதிவின் நடுவில் அமர்ந்திருக்கிறார்.

```
ffmpeg -i slides.mp4 -i lecturer.mp4 -filter_complex \
"[0:v]fps=25,scale=1440:1080,setsar=1[s];\
[1:v]fps=25,crop=480:1080:720:0,setsar=1[v];\
[s][v]hstack[o]" \
-map "[o]" -map 1:a -pix_fmt yuv420p out.mp4
```

இங்கே முகம் சுருக்கப்படவில்லை, நடுப்பகுதி மட்டும் வெட்டி எடுக்கப்படுகிறது. பதிவு 1280×720 ஆக இருந்தால் கட்டளை பிழை காட்டி நின்றுவிடும்; முதலில் அதைப் பெரிதாக்க வேண்டும். கைபேசிப் பதிவுகளில் நொடிக்கான சட்டக எண்ணிக்கை மாறிக்கொண்டே இருப்பதுண்டு; இரு பக்கத்தையும் 25க்குக் கொண்டுவருவது அதனால்தான். ஆனால் ஸ்லைடு மாறும் நேரங்களைக் குறித்ததிலேயே பிழை இருந்தால் இக்கட்டளை அதைத் திருத்தாது. ஒவ்வொரு ஸ்லைடும் எத்தனை நொடி நின்றது என்று தனித்தனியே அளந்தால் சிறு பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். பதிவின் தொடக்கத்திலிருந்து ஒரே கடிகாரத்தில் குறித்தால் சேராது. கடைசி ஸ்லைடு மாறும் இடத்தைப் பேச்சோடு ஒப்பிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

படப்பிடிப்பில் எளிதில் தவறுவது சைகை. ஸ்லைடு திரையின் இடப்பக்கம் இருப்பதால் விரிவுரையாளர் தம் வலக்கையால் சுட்ட வேண்டும். முன்னோட்டம் பல செயலிகளில் கண்ணாடி போல் இடம்வலம் மாறித் தெரிகிறது. அதை நம்பி ஒத்திகை பார்த்தவர் இடக்கையை நீட்டுவார். இறுதிக் காணொளியில் அந்தக் கை திரைக்கு வெளியே எதையோ காட்டிக்கொண்டிருக்கும்.

கையிருப்பு ஸ்லைடுகள் எல்லாம் 16:9 ஆயிற்றே என்பது வலுவான நடைமுறை மறுப்பு. அவற்றை 1440 அகலத்தில் பொருத்தினால் உயரம் 810 ஆகிவிடும். புள்ளி 360 வரியில் ஒன்றரைப் பிக்சலுக்கு இறங்கும். தலைப்பும் நாலைந்து வரியும் கொண்ட ஸ்லைடுகள் இதைத் தாங்கும். அட்டவணையும் மேற்கோளும் நிறைந்தவை தாங்கா. அவை வரும் நிமிடங்களில் முகப்பத்தியை நீக்கி ஸ்லைடுக்கே முழுத்திரையையும் கொடுத்து, விளக்கம் முடிந்ததும் பத்தியை அதே இடத்துக்குக் கொண்டுவரலாம்.