கோலினெர்ஜிக் அர்ட்டிகேரியா

உடல் சூடேறி வியர்வை ஊறத் தொடங்கும் நேரத்தில் தோலில் சின்னஞ்சிறு தடிப்புகள் கிளம்பிக் கடுமையாக அரித்து, பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் சுவடு தெரியாமல் அடங்கிவிடும் தோல் கோளாறு இது. பேச்சு வழக்கில் காணாக்கடி எனப்படும் தடிப்பு நோய்களின் குடும்பத்தைச் சேர்ந்தது என்றாலும், தோற்றத்திலும் நேரக்கணக்கிலும் தூண்டுதலிலும் தனித்து நிற்பது. அமெரிக்க மருத்துவர் டியூக் 1924-இல் இதை விவரித்தார். உடற்பயிற்சி, வெப்பம், மனக்கிளர்ச்சி ஆகிய மூன்றும் ஒரே வகைத் தடிப்பைக் கிளப்புவதை கிராண்ட், பியர்சன், கோமோ ஆகிய மூவரும் 1936-இல் ஆராய்ந்து எழுதினர். பதின்ம வயதிலும் இருபதுகளிலும்தான் இது பெரும்பாலும் தொடங்குகிறது.

ஓட்டம், வெந்நீர்க் குளியல், புழுக்கமான அறை, காரமான சாப்பாடு, காய்ச்சல், திடீர்க் கோபம், கூச்சம் என எது தூண்டினாலும் தாக்குதல் ஒரே வரிசையில்தான் நடக்கும். முதலில் தோலில் சுருக் சுருக்கென்று ஊசி குத்துவது போன்ற உணர்ச்சி. அடுத்த சில நிமிடங்களில் மார்பின் மேற்பகுதியிலும் கழுத்திலும் சிவப்புப் புள்ளிகள் தெரியும். ஒவ்வொரு புள்ளியின் நடுவிலும் 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை அகலமுள்ள, வெளிறிய மேடு ஒன்று எழும். அதைச் சுற்றிலும் அகன்ற சிவப்பு வளையம் இருக்கும். கருத்த தோலில் இந்தச் சிவப்பு எளிதில் புலப்படாது. விரலால் தடவினால் மேடுகள் தட்டுப்படும். பிறகு கை, வயிறு, தொடை எனப் பரவும். உள்ளங்கையும் உள்ளங்காலும் பொதுவாகத் தப்பிவிடும். தாக்குதல் கடுமையாக இருந்தால் மேடுகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய திட்டாகிவிடுவதும் உண்டு. அப்போது தொடக்கத்தில் எப்படி இருந்தது என்று கேட்டால்தான் நோய் பிடிபடும்.

வழக்கமான காணாக்கடியில் தடிப்புகள் நாணயம் அளவிலோ உள்ளங்கை அளவிலோ, ஒழுங்கற்ற ஓரத்துடன் இருக்கும். ஓரிடத்தில் அடங்கி வேறிடத்தில் எழும். ஒரு தடிப்பு 24 மணி நேரம் வரைகூட நிற்கலாம். உதடும் கண்ணிமையும் வீங்குவது அதில் அடிக்கடி நடப்பது. தொற்றோ மருந்தோ உணவோ அதைக் கிளப்பலாம். ஆறு வாரத்துக்கு மேல் நீடிக்கும் வகையில் வெளிக்காரணம் எதுவும் பிடிபடாமலே போவதுதான் பெரும்பாலும். கோலினெர்ஜிக் வகையிலோ, இன்ன நேரத்தில் வரும் என்று நோயாளியாலேயே சொல்லிவிட முடியும். வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. தடிப்பைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டு, நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் வட்டம் வெறுமையானால் இந்த வகையாக இருக்கலாம். ஒரு நாளைத் தாண்டியும் தடிப்பு நின்று, போகும்போது கன்றிய தடம் விட்டுச் சென்றால் அது இரண்டுமல்ல. இரத்தக்குழாய் அழற்சியா என்று பார்க்க வேண்டும்.

நம் ஊரில் இது வேர்க்குருவோடுதான் அதிகம் குழம்புகிறது. வேர்க்குரு, வியர்வைத் துளை அடைபட்டு வருவது. பல நாள் அங்கேயே கிடக்கும். கோலினெர்ஜிக் தடிப்பு வேர்க்குருப் பவுடருக்கு அடங்குவதில்லை. பவுடர் போட்டு முடிப்பதற்குள் தானாகவே மறைந்துவிடுவதால் பவுடர்தான் குணமாக்கியது என்ற நம்பிக்கை மட்டும் நிலைத்துவிடுகிறது.

உள்ளே நடப்பது இது. உடலின் உள்வெப்பம் ஏறியதும் மூளை வியர்வைச் சுரப்பிகளுக்கு நரம்பு வழியே கட்டளை அனுப்புகிறது. அந்த நரம்பு முனைகள் அசிட்டைல்கோலின் என்ற பொருளை வெளியிடுகின்றன. நோயின் பெயர் வந்தது இதிலிருந்துதான். மனப்பதற்றத்திலும் இதே நரம்புகள் இயங்குவதால், வெயில் இல்லாமலே தடிப்பு வருகிறது. ஆனால் எல்லாருக்கும் வியர்க்கும்போது இவர்களுக்கு மட்டும் தோலின் மாஸ்ட் செல்கள் ஏன் ஹிஸ்டமினைக் கொட்டுகின்றன என்பதற்கு ஒரே விடை இல்லை. ஒரு சாராருக்குத் தங்கள் வியர்வையே ஒவ்வாமல் போகிறது. தோலில் வாழும் மலசீசியா பூஞ்சை வியர்வையில் கலக்கும் ஒரு புரதம்தான் அதற்குக் காரணம் என்று ஜப்பானின் ஹிரோஷிமா ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். இன்னொரு சாராருக்கு வியர்வையே குறைவாகச் சுரக்கிறது. சுரப்பி ஏற்காத அசிட்டைல்கோலின் பக்கத்து மாஸ்ட் செல்களைத் தூண்டுவதாகக் கருதப்படுகிறது. குளிர்காலத்தில், வியர்க்காமல் இருந்து திடீரென வியர்க்கும்போது, தொல்லை கூடுவதாகப் பலர் சொல்வது இங்கே நினைக்கத் தக்கது.

எடுத்துக்காட்டாக, 19 வயதுக் கல்லூரி மாணவர் ஒருவரை வைத்துக்கொள்வோம். பேருந்தைப் பிடிக்க ஓடினாலும், வகுப்பில் பேச எழுந்தாலும், காரக்குழம்பு சாப்பிட்டாலும் மார்பில் அரிப்பு. மருத்துவரிடம் போய்ச் சேர்வதற்குள் தோல் சுத்தமாகிவிடும். கைபேசியில் எடுத்த படம்தான் அவரிடம் இருக்கும் சாட்சி. இரத்தப் பரிசோதனை பெரிதாக எதுவும் காட்டாது. தூண்டிப் பார்ப்பதுதான் வழி. அரிப்பு மாத்திரையைச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்லி, நிலைச் சைக்கிளை மிதிக்க வைப்பார்கள். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 3 வீதம் கூடும்படி 30 நிமிடம் வரை மிதிக்க, இடையில் தடிப்பு வந்துவிடுகிறது. இத்தோடு முடிவுசெய்யக் கூடாது. ஒரு நாளாவது கழித்து 42 டிகிரி வெந்நீரில் உட்கார வைத்து, உடல் வெப்பம் 1 டிகிரி ஏறும்வரை பார்க்க வேண்டும். அசையாமல் உட்கார்ந்தும் தடிப்பு வந்தால் நோய் உறுதி. உடற்பயிற்சியில் மட்டும் வந்தால், உடற்பயிற்சியால் தூண்டப்படும் அனாஃபிலாக்சிஸ் என்ற ஆபத்தான நோயா என்று ஆராய வேண்டும். அதில் கோதுமையோ இறாலோ சாப்பிட்டுவிட்டு உழைத்தால் மட்டும் தாக்குதல் வருவதும் உண்டு. உயிருக்கே கேடு வரக்கூடும் என்பதால் இந்தச் சோதனைகளை மருத்துவமனையில்தான் செய்ய வேண்டும்.

சிகிச்சையின் தொடக்கம் செட்டிரிசின் போன்ற, தூக்கம் குறைவாகத் தரும் ஹிஸ்டமின் எதிர்ப்பு மாத்திரை. பெரியவர்களுக்கு வழக்கமான அளவு நாளுக்கு 10 மில்லிகிராம். அரிக்கும்போது மட்டும் விழுங்கினால் பயன் குறைவு. மாத்திரை முழுவீச்சில் வேலை செய்வதற்குள் தாக்குதலே முடிந்துவிடும். தினமும் எடுத்து, இரண்டு முதல் நான்கு வாரம் கழித்தும் போதவில்லை என்றால் மருத்துவர் நான்கு மடங்கு வரை கூட்டலாம். அதற்கும் அடங்காதவர்களில் சிலருக்கு ஒமாலிசுமாப் ஊசி பலன் தருகிறது.

பலமான தாக்குதலுக்குப் பின் சில மணி முதல் ஒரு நாள் வரை சிலருக்கு மறுதாக்குதல் வருவதில்லை. இதைப் பயன்படுத்தி, நாள்தோறும் சிறிது சிறிதாக வியர்க்கப் பழக்கும் முறை இருக்கிறது. வியர்வை ஒவ்வாதவர்களிலும் வியர்வை குறைந்தவர்களிலும் இது பலருக்கு உதவுகிறது, ஆனால் எல்லாருக்கும் பொருந்தாது. குறிப்பாக, வியர்க்கவே வியர்க்காதவர்கள் தாமாக முயன்றால் வெப்ப மயக்கத்தில் முடியலாம். அதனால் மருத்துவர் துணையோடு, மெதுவாகத்தான் தொடங்க வேண்டும். தடிப்போடு மூச்சிரைப்போ தொண்டை இறுக்கமோ மயக்கமோ வயிற்றைப் பிசையும் வலியோ வந்தால் உடனே உழைப்பை நிறுத்திவிட்டு அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். அப்படி ஒருமுறை வந்தவர்கள், அட்ரினலின் ஊசியை உடன் வைத்துக்கொள்ள வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளாமல் தனியாக ஓடவோ நீந்தவோ போகக் கூடாது.