'ப' வடிவ வகுப்பறை: 40 பேர் உட்கார முடியுமா? இடக் கணக்கு சொல்வது என்ன?

'ஸ்தானார்த்தி ஸ்ரீகுட்டன்' என்ற மலையாளப் படத்தைப் பார்த்து, கேரளாவில் சில பள்ளிகள் பெஞ்சுகளை 'ப' வடிவில் மாற்றின. 2025 ஜூலையில் தமிழ்நாட்டிலும் இதற்கான உத்தரவு வந்தது. பலரும் கேள்வி எழுப்பியதும் அது நிறுத்திவைக்கப்பட்டது. சரி, இந்த முறையில் என்ன லாபம், எங்கே சிக்கல்?

கடைசி பெஞ்சில் என்ன பிரச்னை?

வகுப்பில் ஆசிரியரின் கேள்விகள் எல்லோருக்கும் சமமாகப் போவதில்லை. முன்வரிசையிலும், நடுவில் நேர்கோட்டிலும் இருப்பவர்களிடம்தான் அதிகம் பேச்சு நடக்கிறது என்று 1970-லேயே ஆடம்ஸ், பிடில் என்ற ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். பின் மூலையில் இருக்கும் பிள்ளை ஆசிரியர் கண்ணில் படுவதே குறைவு. 'ப' வடிவில் எல்லோர் முகமும் தெரியும், ஆசிரியர் நடுவில் நடந்து யார் பக்கமும் போகலாம். லாபம் இதுதான்.

இடம் போதுமா?

20 அடிக்கு 20 அடி அறை என்று வைத்துக்கொள்வோம். கரும்பலகை முன் 5 அடி விட வேண்டும். பெஞ்சும் டெஸ்க்கும் சேர்ந்து 3 அடி ஆழம் பிடிக்கும். மூலைகளைக் கழித்தால் பக்கச் சுவர்களில் தலா 12 அடி, பின்சுவரில் 14 அடி மிஞ்சும். ஒருவருக்கு ஒன்றரை அடி என்றால் 8, 8, 9 என மொத்தம் 25 பேர்தான்.

40 பேர் இருந்தால் மீதி 15 பேருக்கு உள்ளே இன்னொரு 'ப' போட வேண்டும். அப்போது வெளி வரிசைதான் புதிய கடைசி பெஞ்ச்! 60 பேர் என்றால் ஆசிரியர் நடக்கவே வழி இருக்காது.

கழுத்து வலி வருமா?

பக்கவாட்டில் இருப்பவர்களுக்குக் கரும்பலகை நேரே இல்லை. முன் ஓரத்தில் இருக்கும் பிள்ளை கழுத்தைத் திருப்பினால்தான் எழுத்து தெரியும். அதுவும் சாய்வாகத்தான் தெரியும், வெளிச்சம் பட்டால் பளபளக்கும். டெஸ்க்குகளைக் கொஞ்சம் கரும்பலகை பக்கம் சாய்த்துப் போட்டால் சிரமம் குறையும். ஆனால் அதற்கும் இடம் வேண்டும்.

எப்போது எது?

எதிரெதிரே முகம் பார்த்து உட்கார்ந்தால் பேச்சு தானாக வரும். கலந்துரையாடலுக்கு அது நல்லது. தனியாகக் கணக்குப் போடும்போதும், எழுதும்போதும் அதே பேச்சு தொந்தரவாகிவிடும். அந்த நேரத்தில் வரிசை முறைதான் கவனத்துக்கு உதவுகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

நெரிசலான வகுப்பில் என்ன செய்யலாம்?

வரிசையை அப்படியே வைத்து, பின்சுவர் வரை ஒரு நடைபாதை விடலாம். கலந்துரையாடல் நேரத்தில் முதல் பெஞ்ச் பிள்ளைகள் திரும்பி இரண்டாம் பெஞ்சைப் பார்த்து உட்கார்ந்தால் குழு ரெடி, பெஞ்சை நகர்த்தவே வேண்டாம். வாரம் ஒருமுறை வரிசைகளை மாற்றும்போது முன்-பின் மட்டும் மாற்றினால் போதாது, ஓரத்தில் இருப்பவர்களும் நடுவுக்கு வர வேண்டும். கண்பார்வை, காது கேட்பதில் சிரமம் உள்ள பிள்ளைகளை மட்டும் இந்தச் சுழற்சியில் சேர்க்காமல் முன்னாலேயே வைக்க வேண்டும்.

மாற்றம் பலன் தருகிறதா என்று தெரிய, ஒரு வாரம் யார் யார் பதில் சொன்னார்கள் என்று வருகைப் பட்டியலில் புள்ளி வைத்தாலே போதும். புள்ளி விழாத பெயர்கள் எந்த மூலையில் இருக்கின்றன என்று அதிலேயே தெரிந்துவிடும்.