மாகாணி

திண்டுக்கல் கடைவீதிப் பழைய கணக்கேட்டைக் கைப்பேசியில் படமெடுத்து வாசித்த இளைஞர் ஒருவர், ‘மாகாணி’யை மாகாணம் என்று எழுதியிருந்தார். எனக்கு மனம் பொறுக்கவில்லை. இதற்கும் மாகாணத்துக்கும் உறவில்லை. மா என்பது இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று. இரண்டும் சேர்ந்தால் எண்பதில் ஐந்து, அதாவது பதினாறில் ஒன்று. வீசம் என்பதும் இதுவே. மாவும் காணியும் நில அளவுகளாகவும் வழங்கியதால், பத்திரத்தில் அவை பின்னமா பரப்பா என்று முன்பின் பார்த்தே சொல்ல வேண்டும். கடைக் கணக்கில் அந்தச் சிக்கல் இல்லை. ரூபாய்க்குப் பதினாறணா இருந்த காலத்தில் ஒரு ரூபாயில் மாகாணி ஓரணா. ‘௹ ௨௰௫ வ’ என்ற வரியைப் பாருங்கள். ௨௰ இருபது, ௫ ஐந்து. கடைசி ‘வ’ எழுத்தல்ல, கால். ஆக 25 ரூபாய் 4 அணா. அதையடுத்து மாகாணிக் குறியும் இருந்தால் 5 அணா. ஏட்டின் தலையிலுள்ள பிள்ளையார் சுழியை இரண்டென்று கூட்டிவிடக் கூடாது. படத்தில் குறி மங்கியிருந்தால், ஊகிப்பதைவிட வரிகளைக் கூட்டி அடித்தொகையோடு ஒப்பிடுவதே மேல். வீசம் என்ற சொல்லையாவது நிலப்பங்கு பேசும்போது நாம் கைவிடாதிருக்கலாம். ‘பதினாறில் ஒரு பங்கு’ என்று நீட்டத் தேவையில்லை.