ஒரு அப்டேட், இரண்டு எக்ஸ்டென்ஷன்: 2009 மே மாதச் சண்டை

இன்னைக்கு ஒரு பழைய சண்டையைப் பத்திப் பேசப் போறேன். வெப் பக்கத்தை மாத்துற ஒரு பிரவுசர் எக்ஸ்டென்ஷனை எப்படி டெஸ்ட் பண்ணணும்னு கேட்கிறவங்களுக்கு நான் முதலில் சொல்லும் கதை இதுதான்.

2009. ஃபயர்பாக்ஸில் இரண்டு எக்ஸ்டென்ஷன்கள் ரொம்பப் பிரபலம். ஒன்று, இத்தாலியரான ஜார்ஜோ மாவோனே எழுதிய நோஸ்கிரிப்ட். நீங்க அனுமதிக்காத தளங்களில் ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட விடாது. இன்னொன்று விளாடிமிர் பலன்ட்டின் ஆட்பிளாக் பிளஸ், விளம்பரங்களைத் தடுக்கும். நிறையப் பேர் ரெண்டையும் சேர்த்தே வச்சிருந்தாங்க.

நோஸ்கிரிப்ட் அடிக்கடி அப்டேட் ஆகும். ஒவ்வொரு முறையும் அதன் தளம் ஒரு டேப்பில் தானாகத் திறக்கும். அந்தத் தளத்தில் விளம்பரம் இருக்கும், மாவோனேவுக்கு வருமானம் வரும். ஆட்பிளாக் பிளஸ் பயன்படுத்தும் ஈஸிலிஸ்ட் என்ற வடிகட்டிப் பட்டியலோ அந்த விளம்பரங்களையும் தடுத்தது. அவர் பக்கத்தை மாற்றுவார், பட்டியல்காரர்கள் புது விதி சேர்ப்பார்கள். கொஞ்ச நாள் இப்படியே போச்சு.

அப்புறம் ஒரு நோஸ்கிரிப்ட் அப்டேட்டுக்குள் கூடுதலாகக் கொஞ்சம் கோட் வந்தது. மாவோனேவின் தளங்களில் மட்டும் ஆட்பிளாக் பிளஸ்ஸைச் செயலிழக்கச் செய்வது அதன் வேலை. படிக்கிறவருக்குச் சட்டென்று புரியாதபடி மறைத்து எழுதியிருந்தார்கள். மே 1 அன்று பலன்ட் இதைத் தன் தளத்தில் வெளிப்படுத்தினார். எதிர்ப்பு கிளம்பியது. அடுத்த வடிவத்தில் அந்தக் கோட் போய், ஆட்பிளாக் பிளஸ்ஸுக்குள் ஒரு விலக்குப் பட்டியலைத் தானே சேர்க்கும் வழி வந்தது. அதுவும் நிற்கவில்லை. சில நாட்களில் மாவோனே எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

இது எப்படி முடிந்தது? அன்றைய ஃபயர்பாக்ஸில் எக்ஸ்டென்ஷனுக்குத் தனித்தனி அனுமதின்னு ஒன்றும் கிடையாது. உள்ளே வந்துட்டா பிரவுசர் முழுக்க அதன் கைக்குள். ஒரு எக்ஸ்டென்ஷன் இன்னொன்றின் உள்ளுறுப்புகளைத் தொடலாம். ஒரே வீட்டில் பூட்டு இல்லாத அறைகள் மாதிரி.

ஃபயர்பாக்ஸ் அந்த அமைப்பை முழுசாக விட்டது 2017 நவம்பரில், 57-ஆம் பதிப்பில். குரோம் தொடக்கத்திலேயே அனுமதி முறையோடு வந்தது. இப்போ எந்தத் தளத்தைத் தொடும் என்பதை எக்ஸ்டென்ஷன் முன்கூட்டியே எழுதித் தரணும்:

```json
"matches": ["https://example.com/*"]
```

அடுத்த வடிவத்தில் இதை `<all_urls>` ஆக்கினால், குரோம் அந்த எக்ஸ்டென்ஷனை நிறுத்திவைத்து உங்ககிட்ட மறுபடி கேட்கும். மேனிஃபெஸ்ட் V2 எக்ஸ்டென்ஷன் என்றால் ஃபயர்பாக்ஸ், நீங்க சம்மதிக்கும் வரை பழைய வடிவத்தையே ஓட்டும்.

டெஸ்ட் பண்றவங்க தடுக்கி விழுற இடம் இதுதான். கோட் ஃபோல்டரை அப்படியே `chrome://extensions` பக்கத்தில் ஏற்றினால், அனுமதி எச்சரிக்கை வரவே வராது. எல்லாம் சரியாக இருக்கிற மாதிரி தெரியும். ரிலீஸுக்கு அப்புறம்தான் ஆயிரக்கணக்கானவர்களிடம் எக்ஸ்டென்ஷன் சத்தமில்லாமல் அணைந்து கிடக்கும். அதனால் `.crx` கோப்பாகப் பேக் செய்து, முதலில் பழைய வடிவத்தை நிறுவி, அதன் மேல் புதியதை அப்டேட்டாகத்தான் அனுப்பிப் பார்க்கணும். இதற்காகவே கூகுள் ஒரு சோதனைக் கருவி வைத்திருக்கிறது.

ஆனா ஒன்று கவனிங்க. எல்லாத் தளத்துக்கும் ஏற்கெனவே அனுமதி வாங்கிய எக்ஸ்டென்ஷன், அடுத்த அப்டேட்டில் தன் நடத்தையை எப்படி மாற்றினாலும் எந்த எச்சரிக்கையும் வராது. எங்கே போகலாம் என்பதைத்தான் பிரவுசர் கேட்கிறது; போய் என்ன செய்யுது என்பதைக் கேட்பதில்லை. 2009-இன் பாதிப் பிரச்சினை அப்படியேதான் இருக்கு.

மீதிப் பாதி மோதல். இப்போ எக்ஸ்டென்ஷன்களின் ஜாவாஸ்கிரிப்ட் தனித்தனி உலகத்தில் ஓடும், ஒன்றின் மாறிகளை இன்னொன்று பார்க்க முடியாது. ஆனால் பக்கம் ஒன்றுதான். உங்க எக்ஸ்டென்ஷன் ஒரு பெட்டியைப் பக்கத்தில் சேர்க்குதுன்னு வைங்க; அது காணாமல் போனால் மறுபடி சேர்க்கும். விளம்பரத் தடுப்பான் அதை விளம்பரம்னு நினைச்சு நீக்குது. நீக்க, சேர்க்க, நீக்க, சேர்க்க. டேப் உறைஞ்சு போகும், லேப்டாப் விசிறி சுத்தும்.

இதைக் கண்டுபிடிக்க நான் செய்வது: எதுவும் இல்லாத புது புரொஃபைல் ஒன்று. அதில் என் எக்ஸ்டென்ஷன் மட்டும் வைத்து ஒரே பக்கத்தைத் திறப்பேன். அப்புறம் தடுப்பான் மட்டும். அப்புறம் ரெண்டும். தனித்தனியா நல்லா ஓடி, சேர்ந்தா மட்டும் தொங்கினால் அது மோதல். கடைசியா, ரெண்டையும் எடுத்துவிட்டு வரிசையை மாற்றி நிறுவிப் பார்ப்பேன். ரெண்டு எக்ஸ்டென்ஷன் ஒரே கோரிக்கையை வேறு வேறு இடத்துக்குத் திருப்பினால், குரோமில் கடைசியாக நிறுவியதே ஜெயிக்கும். "எனக்கு ஓடுது, அவங்களுக்கு ஓடலை" என்று வரும் புகார்களில் சில இந்த வரிசையாலேயே வருபவை.