மறுக்கப்பட்ட காப்பீட்டுக் கோரிக்கை: ஆம்பட்ஸ்மேனும் நுகர்வோர் ஆணையமும்

காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு தர மறுத்தால், 1986 வரை இந்தியாவில் பாலிசிதாரர் பெரும்பாலும் உரிமையியல் நீதிமன்றத்தையே நாட வேண்டியிருந்தது. கேட்கும் தொகைக்கு ஏற்ப நீதிமன்றக் கட்டணம் கட்ட வேண்டும். வாய்தாக்கள் ஆண்டுக்கணக்கில் நீளும். 1986இல் இயற்றப்பட்ட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ‘சேவை’ என்பதன் வரையறைக்குள் காப்பீட்டையும் சேர்த்தது. இரண்டாவது வழி 1998இல் வந்த விதிகளால் திறந்தது. அவற்றின்படி அமைக்கப்பட்ட காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் கட்டணமோ வழக்கறிஞரோ இல்லாமல் முறையிடலாம்.

ஆம்பட்ஸ்மேன் வழி எளியது, ஆனால் குறுகியது. அவர் வழங்கக்கூடிய தொகைக்கு முதலில் 20 லட்சம் ரூபாய் என்ற வரம்பு இருந்தது. 2017 விதிகள் அதை 30 லட்சமாகவும், 2023 திருத்தம் 50 லட்சமாகவும் உயர்த்தின. தொடக்கத்தில் தனிநபர் பாலிசிகள் மட்டுமே அவரது எல்லைக்குள் இருந்தன. பின்னர் குழுக் காப்பீடும், தனி உரிமையாளர் கடைகளும், குறுந்தொழில்களும் சேர்க்கப்பட்டன. அதற்கு மேற்பட்ட வணிக நிறுவனங்கள் எங்கே போவது என்ற கேள்விக்கு விடை கிடைக்க நெடுங்காலம் பிடித்தது.

அந்த விடையைத் தந்தது குஜராத்தின் கோத்ராவில் இருந்த ஹர்சோலியா மோட்டார்ஸ் வழக்கு. 2002 பிப்ரவரிக் கலவரத்தில் அந்நிறுவனத்தின் பொருட்கள் தீயில் சேதமடைந்தன. தீக்காப்பீட்டின் கீழ் இழப்பீடு கிடைக்காததால் அது நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்தது. வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுபவர் நுகர்வோர் அல்லர் என்று கூறி, மாநில ஆணையம் புகாரை ஏற்க மறுத்தது. 2004இல் தேசிய ஆணையம் அந்த முடிவை மாற்றியது. தீக்காப்பீடு எடுப்பவர் லாபம் பார்க்க எடுப்பதில்லை, நேர்ந்த இழப்பை ஈடுகட்டவே எடுக்கிறார் என்பது அதன் வாதம். உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் இதையே உறுதி செய்து, வழக்கை விசாரித்து முடிக்குமாறு மாநில ஆணையத்துக்குத் திருப்பி அனுப்பியது. சேதம் நேர்ந்து 21 ஆண்டுகளுக்குப் பிறகும் தீர்ந்திருந்தது, புகாரை அங்கே விசாரிக்கலாமா என்ற கேள்வி மட்டுமே. நிறுவனங்களுக்கு நுகர்வோர் ஆணையத்தின் கதவு திறந்ததும் இவ்வழக்கால்தான்; மேல்முறையீடுகள் தொடர்ந்தால் அங்கே எவ்வளவு காலம் போகும் என்பதற்குச் சாட்சியும் இவ்வழக்கேதான்.

ஆகவே 4 லட்ச ரூபாய் மருத்துவமனைச் செலவு மறுக்கப்பட்ட ஒருவர் முதலில் ஆம்பட்ஸ்மேனிடம் போவதே நல்லது. அங்கே மூன்று மாதங்களில் தீர்ப்பு தர வேண்டும் என்பது விதி. அத்தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். பிடிக்காவிட்டால் பாலிசிதாரர் வேறு மன்றத்துக்குப் போகலாம். ஆனால் சமரசப் பரிந்துரையை முழுத் தீர்வாக ஏற்றுக் கையெழுத்திட்டால் விஷயம் அதோடு முடிந்துவிடும்.

நுகர்வோர் ஆணையமே ஏற்றதாக அமையும் நிலைகளும் உண்டு. 1 கோடி ரூபாய் ஆயுள் காப்பீடு மறுக்கப்பட்டால் அத்தொகை முழுவதையும் ஆம்பட்ஸ்மேனால் வழங்க முடியாது. 2019ஆம் ஆண்டுச் சட்டமோ, புகார்தாரர் செலுத்திய தொகையைக் கொண்டே எந்த ஆணையம் விசாரிக்கும் என்று தீர்மானிக்கிறது. செலுத்தியது 30,000 ரூபாய் பிரீமியம் என்றால் 1 கோடிக் கோரிக்கையையும் மாவட்ட ஆணையத்திலேயே தொடுக்கலாம், அதுவும் புகார்தாரர் வசிக்கும் ஊரில். செலுத்திய தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணமும் இல்லை. பலருக்கும் தெரியாத சலுகை இது. மன உளைச்சலுக்கான இழப்பீட்டையும் வழக்குச் செலவையும் இங்கே கேட்கலாம். ஆம்பட்ஸ்மேன் நேரடி இழப்புக்கு மேல் வழங்க முடியாது. கணக்கில் பிடித்த பிரீமியத்தை வங்கி காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பத் தவறியிருந்தால், இருவரையும் ஒரே புகாரில் எதிர்த்தரப்பாக்கலாம்.

நோயை மறைத்தார் என்று சொல்லி நிறுவனம் மறுக்கும்போது, அதை நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்துடையது. அது எந்த ஆவணத்தை நம்புகிறது என்பதைப் பார்த்து, சிகிச்சை அளித்த மருத்துவரின் சான்றையும் முன்மொழிவுப் படிவத்தின் நகலையும் புகாரோடு இணைக்க வேண்டும். ஆனால் பாலிசிதாரரே தீ வைத்தார் என்பது போன்ற மோசடிக் குற்றச்சாட்டு எழுந்து, பல சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டிவந்தால், உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகுமாறு ஆணையம் சொல்லிவிடலாம். அதன் விசாரணை சுருக்கமுறையில் நடப்பது.

இரு வழிகளிலும் செல்ல நினைப்பவருக்கு வரிசை முக்கியம். நுகர்வோர் ஆணையத்தில் நிலுவையில் உள்ள விஷயத்தை ஆம்பட்ஸ்மேன் ஏற்க மாட்டார். அவரிடம் போகுமுன் நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிட்டு ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். நிறுவனம் அம்முறையீட்டை மறுத்தால் அதிலிருந்து ஓராண்டுக்குள் அவரிடம் சென்றாக வேண்டும். ஆணையத்துக்கான கெடு, வழக்குக்கான காரணம் எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகள். 2024 ஜனவரி 10இல் மறுப்புக் கடிதம் வந்திருந்தால், ஆம்பட்ஸ்மேனிடம் கழிந்த மாதங்கள் தானாகக் கழிக்கப்படும் என்று நம்பாமல், 2026 ஜனவரி 10ஐயே கடைசி நாளாகக் குறித்துவைப்பது பாதுகாப்பானது. தாமதத்தைப் பொறுத்தருளும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு, ஆனால் தகுந்த காரணத்தைப் புகார்தாரரே காட்ட வேண்டும்.